வேலி யார், பயிர் யார்? – ஒரு தலையங்கத்தைச் சோதித்தல்

கேள்வி: ஐயா, சாவகச்சேரியில் உயர்தர மாணவர்களுக்கு ஊடகக் கற்கை கற்பிக்கிறேன். ஜூன் நடுப்பகுதியில் ஒரு பத்திரிகையில் வந்த ஆசிரியர் தலையங்கத்தை வகுப்பில் வாசித்தோம். "இதை ஆள் எழுதவில்லை, செயற்கை நுண்ணறிவுதான் எழுதியிருக்கிறது, பழமொழி இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை" என்றான் ஒரு மாணவன். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அதன் நடுப்பகுதியைக் கீழே எழுதியிருக்கிறேன். அவன் சொல்வது சரியா? இதை எப்படித் தீர்மானிப்பது?

"வட கடலில் நிலவும் மீனவர் பிரச்சினை நீண்டகாலமாகத் தொடரும் ஒரு சிக்கலான விடயமாகும். இது வெறும் மீன்பிடிப் பிரச்சினை மட்டுமல்ல. இது வாழ்வாதாரம், சுற்றுச்சூழல் மற்றும் இருநாட்டு உறவு ஆகியவற்றின் சங்கமமாகும். வேலியே பயிரை மேய்ந்தாற்போல, விசைப்படகுகள் நமது கடல் வளத்தை அழித்து வருகின்றன. ஒருபுறம் வடபகுதி மீனவர்களின் கவலைகள் நியாயமானவை. மறுபுறம் தமிழக மீனவர்களின் வாழ்வாதாரத் தேவைகளும் புறக்கணிக்கப்பட முடியாதவை. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்ற பழமொழிக்கேற்ப, அனைத்துத் தரப்பினரும் திறந்த மனதுடன் கலந்துரையாடி, நிலையான தீர்வை நோக்கிப் பயணிக்க வேண்டும்."

– ஆசிரியை, தென்மராட்சி

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவன் இரண்டு விடயங்களைச் சொல்லியிருக்கிறான். பழமொழி ஒட்டவில்லை என்பதை அச்சில் உள்ளதை வைத்தே யாருக்கும் காட்டலாம். ஆள் எழுதவில்லை என்பதை அப்படிக் காட்ட முடியாது. எழுதும் இயந்திரம் மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்துத்தான் பழகியது. அதில் சலிப்போடு எழுதப்பட்ட தலையங்கங்களும் அடக்கம். ஆகவே சலிப்போடு எழுதும் மனிதரும் இயந்திரமும் ஒரே தெருவில்தான் நடமாடுகிறார்கள். எழுத்தை உள்ளிட்டால் இத்தனை சதவீதம் இயந்திரம் என்று சொல்லும் கருவிகளை இதற்கு நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணத்துத் தலையங்கத்தைப் பற்றி அவை சொல்லும் எண்ணை நான் ஒரு சாட்சியமாகவே எடுப்பதில்லை. கண்ணால் வாசித்து எடைபோடுவதுதான் வழி.

பழமொழியில் தொடங்குகிறேன். உங்கள் நறுக்கு அங்கேதான் அதிகமாகக் காட்டிக்கொடுக்கிறது.

தலையங்கத்தில் வரும் நல்ல பழமொழி பெரும்பாலும் ஒரு குற்றச்சாட்டு. அதற்குள் பாத்திரங்கள் இருக்கும். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்று ஒருவர் எழுதினால் ஆடு யார், ஓநாய் யார் என்பது அவர் மனத்தில் இருக்கும். வாசகரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார். ஓநாயாக நிறுத்தப்பட்டவரும் கண்டுபிடித்துவிடுவார், காலை எட்டு மணிக்கே ஆசிரியரைத் தொலைபேசியில் அழைப்பார். அதனால் வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். பழமொழியில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எதிரே, தலையங்கம் பேசும் விவகாரத்திலிருந்து ஒரு பெயரை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் நறுக்கில் பயிர் என்பது கடல் வளம். அதில் சிக்கல் இல்லை. வேலி யார்? வேலி என்பது காவலுக்கென்று நாமே போட்டது. நம்பியதே கெடுத்தது என்பதுதான் அந்தப் பழமொழியின் சூடு. தமிழகத்து இழுவைப் படகுகளை நமது கடலுக்குக் காவலாக யாரும் வைக்கவில்லை. அவை வெளியிலிருந்து வருபவை. பழமொழியின் மொழியில் சொன்னால் அவை மாடுகள், வேலி அல்ல. சரி, கடற்படையை அல்லது கடற்றொழில் திணைக்களத்தை வேலியாக வைக்கலாமா? காவல் பொறுப்பு அவர்களுடையதுதான். ஆனால் கடற்றொழிலாளர் சங்கங்கள் அவர்கள்மீது சொல்லும் குறை பாராமுகம். வேலி பொத்தலாகக் கிடக்கிறது என்பது. வேலியே மேய்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இந்த விவகாரத்தில் அந்தப் பழமொழி அச்சுப் பிசகாமல் பொருந்தும் ஒரு தரப்பு உண்டு. நமது கரையிலேயே இழுவைமடித் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். கடலைக் காப்போம் என்ற ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்றுவிட்டு இரவில் இழுவைமடி ஏற்றுகிற ஒரு சம்மாட்டியைப் பார்த்துத்தான் அதைச் சொல்ல முடியும். அவரைப் பற்றி உங்கள் நறுக்கில் ஒரு சொல்லும் இல்லை.

ஆக, பழமொழி அழிவு, வளம், துரோகம் என்ற மனநிலைக்கு அருகில் கிடந்ததால் எடுக்கப்பட்டிருக்கிறது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று பார்த்து எடுக்கப்படவில்லை. இயந்திரம் எழுதும் தமிழில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான். உணர்ச்சி பொருந்தும், உறவுமுறை பொருந்தாது.

இரண்டாவது பழமொழி இன்னும் மோசம். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதில் குற்றவாளியே கிடையாது. அதை யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்? கடனுக்கு வாங்கிய வலையை மாலையில் கடலில் விட்டுவிட்டு, விடியற்காலையில் அது அறுந்து கிடப்பதைக் காண்பவரிடம், அதை அறுத்த படகோடு கூடி வாழச் சொல்கிறார்களா? பருத்தித்துறையிலோ மாதகலிலோ ஒரு வாடிக்குள் நின்று அந்த வாக்கியத்தை உரக்க வாசிக்கும் துணிச்சல் எந்த ஆசிரியருக்கும் இராது. இங்கே இருந்து எழுதுகிறவரின் காதில் அது ஏளனமாகக் கேட்டிருக்கும். அடித்துவிட்டு வேறு எழுதியிருப்பார்.

"என்ற பழமொழிக்கேற்ப" என்ற முன்னறிவிப்பையும் கவனியுங்கள். பழகிய கை பழமொழியை அறிமுகப்படுத்தாது, முழுதாகவும் சொல்லாது. "ஓநாய் அழுத கதைதான்" என்று பாதியில் விட்டுவிட்டுப் போகும், மீதி வாசகரிடம் இருக்கிறது என்ற நம்பிக்கையில். ஆனால் இந்த அடையாளத்துக்கு அதிக நிறை கொடுக்க வேண்டாம். "என்ற முதுமொழிக்கிணங்க" என்று கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது நமது பாடசாலைகள்தான் (மன்னிக்க வேண்டும், உங்களைச் சொல்லவில்லை). அந்தப் பழக்கத்தோடு நேரே பத்திரிகைக்கு வந்த இளைஞர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. பழமொழியைப் போலவே ஒலிக்கும், எதுகையும் மோனையும் சரியாக விழும், ஆனால் ஊரில் எவரும் சொல்லிக் கேட்டிராத வாக்கியம். இயந்திரம் இவற்றைத் தாராளமாகச் செய்து தரும். சந்தேகம் வந்தால் முதலில் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு பழமொழித் திரட்டுகளில் தேடச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய பேர்சிவல் பாதிரியார் 1874 இல் வெளியிட்ட திரட்டில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. அங்கே இல்லை என்பதால் பழமொழியே இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. தீவுப்பகுதியிலும் வன்னியிலும் வழங்கும் எத்தனையோ எந்தத் திரட்டிலும் ஏறவில்லை. முதியவர் ஒருவருக்கும் தெரியவில்லை, திரட்டிலும் இல்லை, தலையங்கமோ அதை "நம் முன்னோர் சொன்னது" என்று கொண்டாடுகிறது என்றால், அந்த மூன்றும் சேரும்போது சந்தேகப்படலாம்.

அடுத்து மொழி வழக்கு. ஆங்கில வாடை வீசினால் இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். "நிலையான தீர்வை நோக்கிப் பயணிக்க வேண்டும்", "திறந்த மனதுடன்", "வெறும் அது மட்டுமல்ல; இது இது" எல்லாமே ஆங்கிலத்திலிருந்து இறங்கியவைதான். ஆனால் இயந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவை நமது பத்திரிகைகளுக்கு வந்துவிட்டன. கொழும்பிலிருந்து வரும் அறிக்கையையும் வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் செய்தியையும் இரவு பத்து மணிக்கு மொழிபெயர்க்கும் உப ஆசிரியரின் கையில் அந்தத் தொடர்கள் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அவரே தலையங்கம் எழுதினால் அதிலும் இறங்கும். இதை வைத்து ஒருவரை இயந்திரம் என்றால் எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் இயந்திரங்கள்தான்.

நான் அதைவிடக் கூர்ந்து பார்ப்பது ஊர் வழக்கை. உங்கள் நறுக்கில் "விசைப்படகு" என்று இருக்கிறது. தமிழகத்துச் செய்திகளில் அது இயல்பான சொல். இங்கே அதே படகை இழுவைப் படகு என்போம், பேச்சில் றோலர் என்போம். தொழில் செய்பவரைத் தலையங்கத்தில் கடற்றொழிலாளர் என்று எழுதும் பழக்கமும் நமக்கு உண்டு. இணையத்தில் கிடக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழகத்தது என்பதால் இயந்திரம் கவனிக்காத இடங்களில் அந்தப் பக்கம் சரிந்துவிடும். மாநகர சபை மாநகராட்சியாகும், பிரதேச சபை ஊராட்சியாகும், அரசாங்க அதிபர் மாவட்ட ஆட்சியராகிவிடுவார். ஒரு சொல்லை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். இங்கே தமிழகத் தொலைக்காட்சி பார்க்காத வீடு எது? நிருவாகச் சொற்கள் இரண்டு மூன்று ஒரே தலையங்கத்தில் அப்படிச் சரிந்தால், அந்தப் பந்தியை இங்குள்ள ஒருவர் ஒருமுறைகூட நிதானமாக வாசிக்கவில்லை என்றாவது உறுதியாகச் சொல்லலாம்.

இனி நிலைப்பாடு. தலையங்கத்துக்கு உயிர் அதில்தான் இருக்கிறது. சோதிப்பதற்கும் அதுவே மிகக் கடினமானது.

முதலில் ஓர் எளிய சோதனை. நறுக்கில் மீனவர் பிரச்சினையை எடுத்துவிட்டு வெங்காய இறக்குமதியை வைத்துப் பாருங்கள். "ஒருபுறம் வடபகுதி விவசாயிகளின் கவலைகள் நியாயமானவை. மறுபுறம் நுகர்வோரின் தேவைகளும் புறக்கணிக்கப்பட முடியாதவை." அப்படியே பொருந்துகிறது. கடைசி வாக்கியத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை. எந்த விவகாரத்துக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்த விவகாரத்திலும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் நிலைப்பாடு இல்லை என்பதாலேயே ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது. 2006 மே 2 ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் புகுந்த ஆயுததாரிகள் இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அப்படியான காலத்தில் தலையங்கம் எழுதியவர்கள் நேரே சொல்ல முடியாததைச் சுற்றிவளைத்துச் சொன்னார்கள், சிலநாள் சொல்லாமலே விட்டார்கள். பழமொழி அப்போது ஒரு முக்காடாகவும் பயன்பட்டது. ஓநாய் யார் என்று எழுத வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரியும். இன்றும் விளம்பரதாரர், உரிமையாளர், கட்சி என்று மழுப்பலுக்குக் காரணங்கள் இருக்கின்றன.

எனவே மழுப்பலிலும் வேறுபாடு பார்க்கப் பழக வேண்டும். அஞ்சி எழுதுகிறவரின் மழுப்பலுக்கு ஓர் உருவம் உண்டு. மற்ற இடங்களில் விவரமாகப் பேசிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் மட்டும் திடீரென்று வாக்கியம் தளரும். எழுவாய் காணாமற்போகும், "சிலரால்" என்று செயப்பாட்டுவினை வரும். அவர் எதைத் தவிர்க்கிறார் என்பதை அந்தத் தளர்வே காட்டிவிடும். உங்கள் நறுக்கிலோ எல்லா வாக்கியமும் ஒரே அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. அது எதையும் சுற்றிப் போகவில்லை, ஏனென்றால் நடுவில் எதுவும் இல்லை. எதற்கு அஞ்சுகிறார் என்று வாசகரால் ஊகிக்கக்கூட முடியாத அச்சம் எழுதியவரின் அச்சமாக இருப்பது அரிது.

இன்னொன்றும் உண்டு. தலையங்கம் ஏதோ ஒன்று நேற்று நடந்ததால் எழுதப்படுவது. நீங்கள் அனுப்பியது ஜூன் நடுப்பகுதியில் வந்தது என்கிறீர்கள். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள்களுக்கு இழுவைப் படகுகளுக்குத் தடை. அது ஜூன் 14 இல் முடிகிறது. தடை முடிந்தால் படகுகள் வரும் என்று நமது கரை முழுவதும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் வாரம் அது. அதே வாரத்தில் அதே பொருள்பற்றி எழுதிய தலையங்கத்தில் அந்தத் தடை பற்றி ஒரு வரிகூட இல்லை. பழமொழிப் பிசகைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பந்தி தருகிறேன். எங்கும் வெளியானதல்ல, வகுப்புக்காக இப்போது எழுதியது.

"தமிழகத்தின் 61 நாள் தடை முடிந்துவிட்டது. இனி நம்மவர் வலையைக் கடலில் விட்டுவிட்டு நிம்மதியாக உறங்க முடியாது. இழுவைமடித் தொழிலை 2017 இல் சட்டம் இயற்றித் தடைசெய்த நாடு இது. அந்தச் சட்டம் இராமேஸ்வரத்துப் படகுகளுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. நமது கரையில் கட்டியிருக்கும் இழுவைப் படகுகளுக்கும் அதுவே சட்டம். பகலில் கடலைக் காக்கக் கோஷமிட்டு இரவில் மடி இழுக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேலி மேயத் தொடங்கிய பிறகு அயலான் மாட்டைக் குறைசொல்லி என்ன பயன்? அயல் படகைப் பிடி, ஊர்ப் படகை விடு என்று கேட்கும் சங்கங்களோடு நாம் உடன்படவில்லை. திணைக்களம் இரண்டிலும் கைவைக்க வேண்டும், முதலில் ஊர்ப் படகில்."

இது சிறந்த எழுத்து என்று சொல்ல வரவில்லை. கொஞ்சம் ஆத்திரம் கூடிவிட்டது. ஆனால் அதே பழமொழியில் இப்போது வேலிக்கு ஆள் இருக்கிறது. கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகச் சில சந்தாக்கள் குறையும், சில சங்கக்காரர் அலுவலகத்துக்கு வருவார்கள். நிலைப்பாட்டுக்கு விலை உண்டு. அந்த விலையைத் தலையங்கத்தில் தேடச் சொல்லுங்கள். யார் கோபப்படுவார்கள், எழுதியவரின் சொந்த வாசகரில் யார் கோபப்படுவார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கடுமையான நிலைப்பாடு எடு, பழமொழி சேர்" என்று இயந்திரத்துக்குச் சொன்னால் அதுவும் செய்யும். அப்போது மழுப்பல் இராது. குரல் ஓங்கியிருக்கும், ஒவ்வொரு பந்தியிலும் ஒரு பழமொழி குந்தியிருக்கும். அதைப் பிடிக்க முகவரியைப் பாருங்கள். "அரசு உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முழங்கும். எந்த அரசு? கொழும்பா, மாகாண சபையா, டில்லியா, சென்னையா? எந்தச் சட்டத்தின்கீழ், எந்தத் திணைக்களம்? கோபம் எல்லாருக்கும் ஏற்கெனவே பிடிக்காத ஓர் எதிரியிடமே பாயும்; சொந்த வாசகரில் ஒருவருக்கும் வலிக்காது. இவற்றையும் நன்கு அறிந்த ஒருவர் விவரங்களைக் கொடுத்து எழுதவைத்து, பிறகு தானே திருத்தினால், வெளியிலிருந்து பார்க்கும் நாம் கண்டுபிடிக்க முடியாது. அந்த நிலையில் நிலைப்பாடு அவருடையதுதான் என்பது என் எண்ணம், வேறு எண்ணம் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, ஒற்றை நறுக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதே பத்திரிகையின் பழைய தலையங்கங்களை எடுங்கள். சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில்தான் பொதுமக்கள் கைக்கு வந்தது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டுகளின் ஜூன் மாத இதழ்கள் உங்களுக்கு நல்ல அளவுகோல். noolaham.org தளத்தில் நமது பழைய பத்திரிகைகள் பல மின்வடிவில் இருக்கின்றன. அங்கே கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் விசாரியுங்கள். அதே கடல் விவகாரம் பற்றிய தலையங்கங்களை மாணவர்களிடம் பிரித்துக் கொடுத்து, பழமொழியில் யார் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள், கோரிக்கை யாருக்கு, எந்த வாக்கியம் வேறு பொருளுக்கும் பொருந்தும் என்ற மூன்றை மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். பழையவையும் "அனைத்துத் தரப்பினரும்" என்றே முடிந்திருந்தால் உங்கள் மாணவனின் ஊகம் வலுவிழக்கிறது; அந்தப் பத்திரிகையின் நோய் பழையது. பழையவற்றில் ஆளும் முகவரியும் இருந்து, ஏதோ ஒரு மாதத்திலிருந்து அவை மறைந்திருந்தால் ஏதோ மாறியிருக்கிறது. அது ஆசிரியர் மாறியதாகவும் இருக்கலாம். முகப்பிலோ பின்பக்கத்திலோ உள்ள பெயர் விவரத்தை அதே இதழ்களில் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய பகுதியைப் பற்றிக் கேட்டால், இயந்திரச் சாயல் தூக்கலாக இருக்கிறது என்பேன். ஆனால் "இது இயந்திரம் எழுதியது" என்று பெயர் குறித்து அச்சிட எனக்கு மனம் வராது. பலவீனமான தலையங்கம் என்று காரணத்தோடு எழுத ஒரு தயக்கமும் இல்லை. மாணவன் விரும்பினால் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். இயந்திரம் என்ற குற்றச்சாட்டு அதில் வேண்டாம். "ஜூன் மாதத் தலையங்கத்தில் வேலி என்று யாரைக் குறித்தீர்கள், உள்ளூர் இழுவைப் படகுகள் பற்றிப் பத்திரிகையின் நிலைப்பாடு என்ன, தலையங்கம் எழுதச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதுபற்றி உங்களிடம் விதி ஏதும் உண்டா?" என்ற மூன்று கேள்விகள் போதும். நீளமாக எழுதினால் வெட்டிவிடுவார்கள், அரைப்பக்கத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பாடசாலையின் பெயரை எழுதுவதா என்பதை முதலில் அதிபரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.